95 சதவீதம்... எதுல?

‘ஐரோப்பிய பையர்களின் ஆர்டர்களைக் கையாண்டு, குறித்த தேதியில் ஷிப்மென்ட் அனுப்பும் விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 95 சதவீதமாக உயர்த்தினேன்.’

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறவரின் ரெஸ்யூமேயில் இப்படி ஒரு வரி இருந்தால் யாருக்கும் பிடிக்கும். இரண்டு எண்கள் இருக்கின்றன, இரண்டாவது எண் பெரிதாக இருக்கிறது. ஆள் எடுப்பவருக்கும் பிடிக்கும். அதனால்தான் முதல் கேள்வியை அவர் இந்த வரியிலேயே ஆரம்பிப்பார்.

“சொல்லுங்கம்மா, 95 சதவீதம்னா எதுல 95?”

இந்தக் கேள்வியில் சந்தேகமோ வில்லங்கமோ இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ரெஸ்யூமே எழுதியவர் அந்த எண்ணைக் கடைசியாக எப்போது கூட்டிப் பார்த்தார்? பெரும்பாலும் எழுதிய அன்றுதான். சில நேரம் அன்றுகூட இல்லை. பழைய நிறுவனத்தில் மேனேஜர் மீட்டிங்கில் சொன்னதை அப்படியே இறக்கியிருப்பார்.

இதைப் பார்க்க ஒரு கற்பனை ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். இருபத்தேழு வயதுப் பெண், நான்கு வருட அனுபவம். இப்போது கொஞ்சம் பெரிய கம்பெனிக்கு முயல்கிறார். ஆளும் எண்களும் கற்பனைதான் என்றாலும், வேலை திருப்பூரில் தினமும் நடப்பது. மெர்ச்சண்டைசர் என்பவர் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்பவர். சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டும், நிறத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். நிட்டிங், டையிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று துணி நகரும் ஒவ்வொரு இடத்திலும் தேதியைத் துரத்த வேண்டும். சரக்கு கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் போகும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். ஆகவே ‘குறித்த தேதியில்’ என்ற சொல் இந்தத் தொழிலில் பணத்தைக் குறிக்கிறது.

வேலைக்கு வரும் வரிகளுக்கு முன்னால், ரெஸ்யூமேயில் யாரும் இரண்டாம் முறை படிக்காத பகுதி ஒன்று உண்டு. படிப்பும் தேதிகளும். பொய் என்று தெரிந்தே எழுதியதைத் தவிர இங்கே தவறு வராது என்று நினைப்போம். பெரிய தலைகள் உருண்டது இந்த வரிகளில்தான்.

2012 ஜனவரியில் யாகூ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஸ்காட் தாம்ப்சன் மே மாதமே வெளியேறினார். கணக்கியலோடு கணினி அறிவியலிலும் பட்டம் பெற்றவர் என்று நிறுவனத்தின் ஆவணங்களில் அவருடைய குறிப்பு சொன்னது. பங்கு வைத்திருந்த ஒரு முதலீட்டு நிறுவனம் அதைச் சரிபார்த்தது. அவர் ஸ்டோன்ஹில் கல்லூரியில் 1979-ல் வாங்கியது கணக்கியல் பட்டம் மட்டுமே. அந்தக் கல்லூரி கணினி அறிவியலில் பட்டம் தர ஆரம்பித்ததே 1983-ல்தான்.

அதைவிடச் சுவையானது ஜார்ஜ் ஓ’லியரியின் கதை. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் நோத்ர டேம் பல்கலைக்கழகம் அவரைக் கால்பந்துப் பயிற்சியாளராக அறிவித்தது, ஐந்தே நாளில் அவர் விலகினார். அவரை யாரும் குற்றவாளியாக நினைத்து விசாரிக்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு செய்தியாளர், தங்கள் ஊர்க் கல்லூரியில் விளையாடிய பையன் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாரே என்று பாராட்டி எழுதப் பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார். யாருக்கும் அவர் விளையாடியது நினைவில்லை, ஏனென்றால் அவர் அங்கே ஒரு போட்டியிலும் ஆடியதில்லை. ரெஸ்யூமேயில் இருந்த முதுகலைப் பட்டமும் அவர் வாங்காதது. ஒரு குறிப்பை உடைக்க எதிரி தேவையில்லை, ஆர்வமாகக் கேட்கும் ஒருவரே போதும்.

நம் மெர்ச்சண்டைசர் பொய் எழுதவில்லை. ஆனால் முதல் வேலைக்கு ‘2020 – 2022’ என்று போட்டிருக்கிறார். சேர்ந்தது 2020 நவம்பர், விலகியது 2022 பிப்ரவரி. படிப்பவர் கண்ணில் அது இரண்டரை வருடமாகக்கூடத் தெரியும், உண்மையில் பதினைந்து மாதம். பி.எஃப். பிடித்த ஊழியர்களுக்கு யூ.ஏ.என். என்ற ஒரே எண்ணின் கீழ் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகியிருக்கும். சரிபார்க்கும் ஆள் முதலில் பார்ப்பது அதைத்தான். மாதத்தோடு எழுதிவிட்டால் தீர்ந்தது. நடுவில் இடைவெளி இருந்தால் அதற்கு ஒரு வாக்கியத்தில் உண்மையான காரணம் வைத்திருந்தால் போதும்.

இப்போது அந்த 95.

பேனா எடுத்து உட்கார்ந்தால் முதலில் எழுத வேண்டியது சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எண்ணிக்கை. அவர் சேர்ந்த முதல் வருடம் அவர் கையில் இருந்தவை 40 ஆர்டர்கள். அதில் 28 குறித்த தேதியில் போயின. அதுதான் 70 சதவீதம். அடுத்த வருடம் 20 ஆர்டர்கள், போனவை 19. அது 95 சதவீதம். கணக்கு சரி. ஆனால் இருபதில் ஒரு ஆர்டர் என்பதே ஐந்து சதவீதம். இன்னும் ஒன்று தாமதமாகியிருந்தால் அவர் ரெஸ்யூமேயில் 90 என்று இருந்திருக்கும். இருபது என்ற எண் வெளியே வந்ததும் கேட்பவரின் முகத்தில் மெல்லிய மாற்றம் வரும். இது தோல்வி இல்லை. மறைத்து வைத்து, நான்காவது கேள்வியில் பிடுங்கப்படும்போதுதான் தோல்வி.

அடுத்த கேள்வி தொழில் தெரிந்தவர் மட்டும் கேட்பது.

“குறித்த தேதின்னா எந்தத் தேதிங்க? பி.ஓ.ல இருந்த தேதியா, ரிவைஸ் பண்ணின தேதியா?”

ஆர்டர் வரும்போது பையர் தரும் பி.ஓ.வில் ஒரு ஷிப்மென்ட் தேதி இருக்கும். பிறகு பையர் சாம்பிளுக்கு ஒப்புதல் தரத் தாமதித்தாலோ, ஃபேக்டரி கெஞ்சிக் கேட்டாலோ, தேதி தள்ளிப் போகும். தள்ளிய தேதியில் அனுப்பினால் ஃபேக்டரியின் கணக்கில் அது ‘குறித்த தேதி’யில் போன ஆர்டர்தான். பல கம்பெனிகளில் மாதாந்திர ரிப்போர்ட் இப்படித்தான் போடப்படும். அது ஏமாற்று இல்லை, ஒரு வழக்கம். ஆனால் எதிரே இருப்பவருடைய கம்பெனி முதல் தேதியை வைத்துக் கணக்குப் போடும் இடமாக இருந்தால், இருவரும் ஒரே சொல்லை வைத்து வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நம் பெண் பழைய ஷீட்டைத் திரும்பப் பார்க்கிறார். இரண்டாம் வருடத்து 19-ல் நான்கு ஆர்டர்கள் தேதி தள்ளி வாங்கியவை. முதல் தேதிப்படி பார்த்தால் 20-ல் 15, அதாவது 75 சதவீதம். மனசு கொஞ்சம் துவண்டுபோகும். பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, 95-ஐ அப்படியே விட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பார்கள்.

நிறுத்தக் கூடாது. ஏனென்றால் அளவுகோலை மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். முதல் வருடத்து 28-லும் ஆறு ஆர்டர்கள் தேதி தள்ளியவை. அங்கே முதல் தேதிப்படி 40-ல் 22, அதாவது 55 சதவீதம். ஆக 55-லிருந்து 75. எண்கள் சின்னதாகத் தெரிகின்றன, ஆனால் ஏற்றம் பெருமளவு நிற்கிறது. முன்பு 25 புள்ளி, இப்போது 20 புள்ளி. கூடுதலாக, ‘நான் முதல் தேதியை வைத்துத்தான் எண்ணியிருக்கிறேன்’ என்று கேட்பதற்கு முன்பே சொல்கிற மெர்ச்சண்டைசரை இந்த ஊரில் யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள்.

கண்டிப்பான கேள்வி இனிமேல்தான்.

“ஆர்டரே பாதியா குறைஞ்சிருச்சே. மெஷின் சும்மா கெடந்திருக்கும். நீங்க இல்லாட்டியும் டயத்துக்குப் போயிருக்குமே?”

இதற்குப் பதில் தெரியாமல் பல நல்ல வேலைக்காரர்கள் சொதப்புகிறார்கள். கோபம் வரும், அல்லது ‘இல்லைங்க சார், நாங்க ரொம்ப ஃபாலோ பண்ணினோம்’ என்று பொதுவாக இழுப்பார்கள். கேள்வி நியாயமானது. ஆர்டர் குறைந்தால் தையல் தளத்தில் நெரிசல் குறையும், தாமதமும் குறையும். அதில் தன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட ஒரே வழி, தான் கையால் மாற்றிய ஒன்றைத் தேடி, அது நெரிசலைச் சாராத ஒன்றா என்று பார்ப்பது.

அவர் மாற்றியது லேப் டிப். பையர் கேட்ட நிறத்தில் ஒரு சிறு துண்டுத் துணியை டையிங் யூனிட்டில் சாயமேற்றி, ஒப்புதலுக்கு அனுப்புவார்கள். பையர் ‘இன்னும் கொஞ்சம் சிவப்பு குறையணும்’ என்று திருப்பினால் மறுபடி சாயம், மறுபடி கூரியர். ஒவ்வொரு சுற்றும் நாள்களைத் தின்னும். நிறம் உறுதியாகாமல் துணியை மொத்தமாகச் சாயத்துக்கு அனுப்ப முடியாது. முன்பெல்லாம் ஃபிட் சாம்பிள் ஒப்புதலான பிறகுதான் அந்த ஃபேக்டரி லேப் டிப் வேலையை எடுக்கும். இவர் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார். ஒரே ஒரு துண்டு அனுப்பாமல், ஒரு நிறத்துக்குச் சற்றே வேறுபட்ட மூன்று துண்டுகளை அனுப்பினார், முதல் சுற்றிலேயே ஒன்று தேறட்டும் என்று.

விளைவு, ஆர்டர் விவரம் கையில் வந்த நாளிலிருந்து நிற ஒப்புதல் வரும் நாள்வரை முதல் வருடம் சராசரி 26 நாள், இரண்டாம் வருடம் 15 நாள். இந்த எண்ணுக்குத் தையல் மெஷின் காலியாகக் கிடந்ததோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒவ்வொன்றின் தொடக்கமும் முடிவும் மெயில் தேதிகளில் பதிவானவை. ஆக, ரெஸ்யூமேயில் இருக்க வேண்டிய முதல் எண் இது. கம்பெனியின் விளைவு என்ற 75 அதற்குப் பின்னால் வரலாம், அதுவும் ‘இதற்கு ஆர்டர் குறைந்ததும் ஒரு காரணம்’ என்று வாயால் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தால்.

கேள்வி இதோடும் முடியாது. பழம் தின்று கொட்டை போட்ட ஒரு ஜெனரல் மேனேஜர் இன்னும் ஒன்று கேட்பார். ஃபிட் சாம்பிளுக்கு முன்பே லேப் டிப் போட்டீர்கள், ஆர்டர் விழுந்துபோனால் அந்தச் செலவு யாருக்கு? விழுந்த ஆர்டர்கள் இரண்டு இருந்தன என்றும், லேப் டிப் செலவு விமானச் சரக்குக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொற்பம் என்றும், அதற்கு முன்கூட்டியே மேனேஜரிடம் அனுமதி வாங்கியதாகவும் சொன்னால் போதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏதாவது ஒரு விலை இருக்கும். அந்த விலை தெரியாதவர் அந்த வேலையைச் செய்யவில்லை, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்று அனுபவசாலிகள் கணக்குப் போடுவார்கள்.

வரி இப்போது இப்படி மாறுகிறது: ‘லேப் டிப்பை ஃபிட் சாம்பிளோடு இணையாக ஆரம்பித்து, நிற ஒப்புதலுக்கு ஆகும் சராசரி நாள்களை 26-லிருந்து 15 ஆகக் குறைத்தேன். பி.ஓ.வின் முதல் தேதியில் போன ஆர்டர்கள் 40-ல் 22 என்பதிலிருந்து, அடுத்த வருடம் 20-ல் 15.’ பழைய வரியைவிட இது நீளம், பகட்டும் குறைவு. ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது.

ஷீட்டைத் திரும்பப் பார்ப்பது என்றேன். வேலையை விட்ட பிறகு அது முடியாது, மெயில் அன்றே மூடப்படும். பையர் பெயரும் விலையும் உள்ள ஃபைல்களை வீட்டுக்கு எடுத்துவருவதும் தவறு. அதை இன்டர்வியூவில் காட்டினால் ‘நாளைக்கு நம்ம ஃபைலும் இப்படித்தான் போகும்’ என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். வேலையில் இருக்கும்போதே எத்தனை ஆர்டர், எத்தனை நாள் என்று வெறும் எண்ணிக்கையை மட்டும், பெயரோ விலையோ இல்லாமல், குறித்து வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாமல் போனால், ‘சுமார்’ என்று எழுதி, எப்படி மதிப்பிட்டேன் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நினைவிலிருந்து வரும் சதவீதத்தை முழு எண்ணாக அச்சிடுவதுதான் மாட்டிவிடும்.

அடுத்து, திறமைகள் என்ற தலைப்பின் கீழ் காற்புள்ளி போட்டு அடுக்கிய சொற்கள். நம் பெண்ணின் பட்டியலில் ‘ஏ.க்யூ.எல். 2.5’ என்று ஒன்று இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கை மொத்தமாகப் பரிசோதிக்காமல், மாதிரி எடுத்துப் பார்த்து ஏற்பதா, திருப்புவதா என்று முடிவு செய்யும் முறை அது. சொல் எல்லோர் வாயிலும் புழங்கும். கேள்வி வரும்.

“5,000 பீஸ் ஆர்டர். எத்தனை பீஸ் பிரிச்சுப் பார்ப்பீங்க? எத்தனை டிஃபெக்ட் வரைக்கும் பாஸ்?”

பலர் மனக்கணக்குப் போடுவார்கள். சாதாரணமாகப் பயன்படும் இரண்டாம் நிலை அட்டவணைப்படி, 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள சரக்கிலிருந்து 200 பீஸ் எடுக்க வேண்டும். 200-ல் 2.5 சதவீதம் ஐந்து, ஆகவே ஐந்து குறை வரை பாஸ் என்று சொல்வார்கள். தவறு. அட்டவணையில் பத்துவரை பாஸ், பதினொன்று என்றால் ஃபெயில். சரக்கில் உண்மையிலேயே 2.5 சதவீதம்தான் குறை இருந்தாலும், கையில் சிக்கும் 200-ல் தற்செயலாக ஏழோ எட்டோ வரலாம். அப்படிப்பட்ட நல்ல சரக்கு வீணாகத் திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் எல்லை பத்தில் இருக்கிறது. இதைச் சொல்லத் தெரிந்தவர் அட்டவணையைப் பார்த்திருக்கிறார். ஐந்து என்பவர் சொல்லை மட்டும் கேட்டிருக்கிறார்.

நம் பெண் எந்த வகை? நேர்மையாகப் பார்த்தால் அவர் பெட்டி பிரித்துப் பரிசோதித்ததில்லை. அது கியூ.சி. வேலை. வந்த ரிப்போர்ட்டைப் படித்து, ஃபெயிலான சரக்கை மறுபடி செக் செய்யச் சொல்லி, பையருக்குப் பதில் எழுதியவர். அப்படியானால் ‘ஏ.க்யூ.எல். ரிப்போர்ட் படித்துப் பையரோடு பேசுவது’ என்று எழுதிவிடலாம். அந்த வரிக்குள் வரும் கேள்விகளுக்கு அவரிடம் நிஜமான பதில்கள் உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இப்படி மூன்றில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்: நானே செய்தது, செய்தவரோடு வேலை பார்த்தது, கேள்விப்பட்டது. மூன்றாவதை அடித்துவிட வேண்டியதுதான். பட்டியல் பாதியாகும், பரவாயில்லை.

இந்த ஒத்திகையை மனதுக்குள் செய்வதில் பயன் குறைவு. மனதுக்குள் நாம் எல்லோரும் சரளமாகப் பேசுகிறோம். வாய் விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் அன்பான தோழியிடம் இல்லை. அதே தொழிலில் வேறு தளத்தில் இருப்பவர், கட்டிங் மாஸ்டரோ ப்ரொடக்‌ஷன் ஆளோ கிடைத்தால் நல்லது. மெர்ச்சண்டைசர்கள் சொல்லும் பெருமைகளில் அவர்களுக்கு இயல்பாகவே நம்பிக்கை கிடையாது. ஒரு வரிக்குக் குறைந்தது மூன்று கேள்வியாவது போகட்டும். எப்படி எண்ணினாய், அதில் நீ செய்தது எது, வேறு காரணம் இருக்காதா. இரண்டாவது கேள்விவரை மனப்பாடம் கைகொடுக்கும், மூன்றாவதில் கைவிடும்.

எந்த இடத்தில் வரி ஆட்டம் காண்கிறது என்பதைக் காதே சொல்லிவிடும். ‘நான் அனுப்பினேன்’ என்று போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று ‘நாங்க பண்ணினோம்’ ஆகும், அடுத்த வாக்கியத்தில் ‘அது பண்ணிட்டாங்க’ ஆகும். அந்தத் திருப்பத்தில் வேலை வேறு ஒருவருடையது. இன்னொரு அடையாளம், கேட்டது ஒரு ஆர்டரைப் பற்றி, பதில் எல்லா ஆர்டரையும் பற்றி. ‘அந்த நீல நிற போலோ ஆர்டர்ல என்ன ஆச்சு?’ என்றால், ‘பொதுவா நாங்க கேலண்டர் போட்டு ஃபாலோ பண்ணுவோம்ங்க’ என்று வரும். நிஜமாகச் செய்தவருக்கு நீல நிறம் தனியாக நினைவிருக்கும், அது எத்தனை முறை திரும்பி வந்தது என்பதும் இருக்கும்.

குழுவாகச் செய்த வேலையை எழுதவே கூடாது என்பதில்லை. ‘நான்கு பேர் குழுவில் நிற ஒப்புதல் என் பொறுப்பு’ என்று எழுதினால் மீதி மூன்று பேரின் வேலைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மேஜைக்காரர் என்ன செய்தார் என்று இரண்டு வாக்கியமாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் குழு என்ற சொல்லே சந்தேகத்துக்குள்ளாகும்.

கடைசி வரி, எல்லா ரெஸ்யூமேக்களிலும் அடியில் கிடப்பது: ‘மொழிகள் – தமிழ், ஆங்கிலம், இந்தி.’ பள்ளியில் எழுதிய இந்தித் தேர்வுச் சான்றிதழ் ஒன்று எங்கோ இருக்கிறது, அந்தத் தைரியத்தில் போட்டது. திருப்பூர் தளங்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் தைக்கிறார்கள். ஆகவே இந்த ஊரில் அந்த வரி அலங்காரம் இல்லை, உண்மையிலேயே வேலைக்கு ஆகும் திறமை. இன்டர்வியூவை முடித்து எழும்போது சூப்பர்வைசர் ஒருவரைக் கூப்பிட்டு, “லேபிள் மாத்தணும், பழசு எல்லாத்தையும் பிரிச்சிருங்கன்னு இவருக்கு இந்தில சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டுவிடலாம்.

நம் பெண் அந்த வாக்கியத்தை வீட்டில் சொல்லிப் பார்த்தார். ‘லேபிள்’ வரைக்கும் வந்தது. பிறகு ரெஸ்யூமேயைத் திறந்து, இந்திக்குப் பக்கத்தில் ‘புரிந்துகொள்வேன், பேச்சு குறைவு’ என்று சேர்த்தார்.